இடைநேரத்துக்கு யார் பொறுப்பு?

டிக்கெட் எடுக்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்ததாக, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்பார்கள். நடுவில் மாறும் விமான நிலையத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னதும் இரண்டு விதமான பதில் வரும். நான்கு மணி நேரம் என்றால், “அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கணுமா?” என்பார்கள். 1 மணி 15 நிமிடம் என்றால், “அது போதுமா?” என்பார்கள். மதுரையில் டிராவல்ஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து என் தலைமுடி நரைத்துவிட்டது. இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு இன்றும் முடியாது. கையில் இருப்பது ஒரே டிக்கெட்டா, இரண்டு தனித்தனி டிக்கெட்டா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதற்குப் பதிலே கிடையாது.

எங்கள் தொழிலில் எம்.சி.டி. என்று ஒன்று உண்டு. மினிமம் கனெக்ஷன் டைம். ஒரு விமானத்தில் வந்திறங்கி இன்னொரு விமானத்தில் ஏறுவதற்கு அந்த விமான நிலையத்தில் குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கும் அளவு அது. அந்த நிலையத்தில் இயங்கும் விமான நிறுவனங்கள் கூடிப் பேசிப் பொது அளவை முடிவு செய்கின்றன. உள்நாட்டு விமானத்திலிருந்து உள்நாட்டு விமானத்துக்கு ஒன்று, உள்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டிலிருந்து உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு ஒன்று என நான்கு வகை. அதற்கு மேல், எந்த டெர்மினலிலிருந்து எந்த டெர்மினலுக்கு, எந்த நிறுவனத்திலிருந்து எந்த நிறுவனத்துக்கு என்று விதிவிலக்குகளை ஒவ்வொரு நிறுவனமும் தனியாகப் பதிவு செய்யலாம். வியன்னாவில் ஆஸ்திரியன் ஏர்லைன்ஸ் 25 நிமிடத்தில் மாற்றிவிடுவதாகப் பெயர் வாங்கியது. பிராங்ஃபர்ட்டில் பொது அளவு 45 நிமிடம் என்று எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். லண்டன் ஹீத்ரோவில் ஐந்தாம் டெர்மினலிலேயே இறங்கி அங்கேயே ஏற 60 நிமிடம். டெர்மினல் மாற வேண்டுமென்றால் அது கூடும்.

இந்த எண்கள் உலகம் முழுக்க டிக்கெட் விற்கும் எல்லா சிஸ்டங்களிலும் ஏற்றப்பட்டிருக்கின்றன. அமேடியஸ் திரையில் `DMFRA` என்று அடித்தால் பிராங்ஃபர்ட்டின் அளவுகள் வந்து நிற்கும். சென்னையிலிருந்து ஹாம்பர்க் என்று தேடும்போது, நடுவில் 40 நிமிடமே இருக்கும் ஜோடியை சிஸ்டம் காட்டவே காட்டாது. நாமாகக் கையால் இரண்டு விமானங்களையும் எடுத்துக் கோத்தால் எச்சரிக்கை வரும்.

எம்.சி.டி. எதை அளக்கிறது என்பது முக்கியம். கால அட்டவணைப்படி விமானம் வந்து நிற்கும் நேரத்துக்கும், அட்டவணைப்படி அடுத்த விமானம் கிளம்பும் நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் கணக்கு. வந்து நிற்பது என்றால் சக்கரம் ஓடுபாதையைத் தொடும் நேரம் அல்ல. ஊர்ந்து வந்து தன் இடத்தில் நிற்கும் நேரம். கிளம்புவது என்றால் வானில் எழும் நேரம் அல்ல. நின்ற இடத்தை விட்டு நகரத் தொடங்கும் நேரம். கேட் அதற்கு முன்பே மூடிவிடும், பல இடங்களில் 15 நிமிடம் முன்னால். ஆக, 45 நிமிடம் என்று எழுதியிருப்பதில் கதவு திறந்து வெளியே வரப் பத்து நிமிடமும், கேட் மூடும் 15 நிமிடமும் போனால் நடப்பதற்கும் வரிசையில் நிற்பதற்கும் மிஞ்சுவது 20 நிமிடம்தான். அந்த 20 நிமிடத்தில் மாற முடியும் என்பதற்குப் பின்னால் சில ஏற்பாடுகள் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்க வேண்டும். பயணியின் கையில் அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் இருக்க வேண்டும். அவர் பெட்டியில் கடைசி ஊரின் பெயர் போட்ட டேக் தொங்க வேண்டும். அந்தப் பெட்டி அவர் கையைத் தொடாமலே ஒரு விமானத்தின் வயிற்றிலிருந்து இன்னொன்றின் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். பிராங்ஃபர்ட்டின் பெட்டி கன்வேயர் மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர் நீளம். அது இல்லாமல் அங்கே 45 நிமிடம் என்ற எண்ணே இல்லை.

இந்த மூன்று ஏற்பாடுகளும் ஒரே டிக்கெட்டில் போகிறவருக்குச் செய்து வைக்கப்பட்டவை. இரண்டு டிக்கெட்டில் போகிறவர் அதே எண்ணைப் பார்த்து, “45 நிமிடம் போதும்னு போட்டிருக்கே, எனக்கு 75 நிமிடம் இருக்கே” என்று தைரியம் கொள்கிறார். அந்த எண் அவருக்காக எழுதப்பட்டதே அல்ல. இதைத்தான் வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

படிக்கப் போகும் மகனுக்கு டிக்கெட் எடுக்க வந்த ஓர் அப்பா போனை நீட்டினார். “அண்ணே, நீங்க சொல்ற டிக்கெட்டைவிட இதுல 14 ஆயிரம் கம்மியா காட்டுது. சென்னை டு பிராங்ஃபர்ட் ஒண்ணு, அங்கேருந்து ஹாம்பர்க் தனியா ஒண்ணு. நடுவுல ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. நீங்க காட்டுற டிக்கெட்லயும் அதே ஒண்ணேகால் மணி நேரந்தானே?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்காகவே ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு பத்தியாகக் கோடு கிழித்து எழுதிக் காட்டுவேன். அந்தக் கணக்கை இங்கே முழுதாகவே போடுகிறேன். நேரங்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

சென்னை விமானம் பிராங்ஃபர்ட்டில் காலை 8:00 மணிக்கு வந்து நிற்கிறது. ஹாம்பர்க் விமானம் 9:15. இடையில் 75 நிமிடம். குறைந்தபட்சம் 45 வேண்டும் என்ற இடத்தில் 30 நிமிடம் கூடுதலாகவே இருக்கிறது.

முதல் பத்தி, ஒரே டிக்கெட். விமானம் நேரத்துக்கு வந்தால் பையன் 8:12-க்கு வெளியே வருவான். இந்தியாவிலிருந்து வந்ததால் பாதுகாப்புச் சோதனை மறுபடி உண்டு. ஷெங்கன் எல்லைக்குள் நுழைவது பிராங்ஃபர்ட்டில்தான் என்பதால் பாஸ்போர்ட் சோதனை வரிசையும் அங்கேதான். இரண்டும் சேர்ந்து அரை மணி ஆனாலும் 8:45-க்கு கேட்டை நோக்கி நடந்துகொண்டிருப்பான். 9:00-க்குக் கேட் மூடும். ஏறிவிடலாம். பெட்டியின் சுங்கச் சோதனை ஹாம்பர்க்கில் நடக்கும்.

இரண்டாம் பத்தி, தனித்தனி டிக்கெட். பெட்டி பிராங்ஃபர்ட் வரைக்கும்தான் டேக் ஆகியிருக்கிறது. 8:12-க்கு வெளியே வருகிறான். பாஸ்போர்ட் வரிசை முடிய 8:30. பெட்டி பெல்ட்டுக்குப் போகிறான். ஒரு பெரிய விமானத்தின் பெட்டிகள் பெல்ட்டுக்கு வரத் தொடங்கவே அரை மணி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதிர்ஷ்டம் இருந்தால் 8:40-க்குப் பெட்டி கையில். சுங்கத்தைத் தாண்டி, வெளியே வந்து, புறப்பாட்டு மாடிக்கு ஏறி, இரண்டாவது நிறுவனத்தின் கவுன்ட்டரைத் தேடிப் போகிறான். அந்தக் கவுன்ட்டரில் பெட்டி வாங்குவதை விமானம் கிளம்ப 40 நிமிடம் முன்பு நிறுத்திவிடுகிறார்கள் என்று கொள்வோம். 9:15-லிருந்து 40 நிமிடம் கழித்தால் 8:35. பெட்டி அவன் கைக்கு வருவதற்கு 5 நிமிடம் முன்பே கவுன்ட்டர் மூடிவிட்டது.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். ஏனென்றால் இந்தக் கணக்கில் விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தும் பையன் விமானத்தைத் தவறவிடுகிறான். 75 நிமிடம் என்று காகிதத்தில் தெரிந்தது, இரண்டு டிக்கெட்டில் உண்மையில் 35 நிமிடம். மீதி 40-ஐக் கவுன்ட்டரின் கடைசி நேரம் தின்றுவிட்டது. இரண்டு டிக்கெட் எடுக்கிறவர் இடைவெளியை அடுத்த விமானம் கிளம்பும் நேரம் வரை எண்ணக் கூடாது. அடுத்த கவுன்ட்டர் மூடும் நேரம் வரை எண்ண வேண்டும்.

இப்போது அதே கணக்கில் 25 நிமிடத் தாமதத்தைச் சேர்ப்போம். எதிர்க்காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே இது நடக்கும்.

ஒரே டிக்கெட்டில் பையன் வெளியே வருவது 8:37. ஓடினால் பிடிக்கலாம், வரிசை நீண்டால் பிடிக்க முடியாது. பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவன் கேட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே நிறுவனத்தின் சிஸ்டம் அவனை அடுத்த ஹாம்பர்க் விமானத்துக்கு மாற்றி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். போனில் புதிய போர்டிங் பாஸ் வரும். வராவிட்டால் டிரான்ஸ்ஃபர் டெஸ்க்கில் போய்க் கேட்க வேண்டும். கட்டண வித்தியாசம் கேட்க மாட்டார்கள். பெட்டியும் புதிய விமானத்துக்கு மாறும். ஒரு வேளை பெட்டி பின்தங்கினாலும் ஹாம்பர்க்கில் புகார் எழுதிக் கொடுத்தால் தங்குமிடத்துக்கு அனுப்பிவைப்பது நிறுவனத்தின் வேலை. மொத்த நஷ்டம் சில மணி நேரம்.

இரண்டு டிக்கெட்டில் முதல் நிறுவனம் தன் வேலையை முடித்துவிட்டது. பிராங்ஃபர்ட்டில் இறக்குவதாக ஒப்பந்தம், 25 நிமிடம் தாமதமாக இறக்கிவிட்டது. இரண்டாவது நிறுவனத்துக்கு இவன் நேரத்துக்கு வராத ஒரு பயணி. நோ-ஷோ. அன்று காலை என்ன விலையோ அந்த விலைக்குப் புது டிக்கெட் வாங்க வேண்டும். மதுரைக்கு ஒரு பஸ் பிடித்து, இங்கே இறங்கி, தேனிக்கு முன்பதிவு செய்த இன்னொரு பஸ்ஸைத் தவறவிட்டவர், முதல் பஸ் தாமதம் என்று தேனி பஸ் கண்டக்டரிடம் முறையிட்டுப் பயனில்லை. அதே நியாயம்தான் இங்கும்.

அதோடு முடிவதில்லை. அந்த இரண்டாவது டிக்கெட் போய்வரும் டிக்கெட்டாக இருந்தால், போகும் பயணத்தில் நோ-ஷோ ஆனதும் திரும்பும் பயணமும் சேர்ந்தே ரத்தாகிவிடும். டிக்கெட்டின் கூப்பன்களை வரிசைப்படி பயன்படுத்த வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. முதல் கூப்பன் வீணானால் அடுத்தவையும் செல்லாது. போகும்போது எப்படியோ சமாளித்து ரயிலில் போய்ச் சேர்ந்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் திரும்பும் நாளில் கவுன்ட்டரில் நின்று, “உங்கள் பெயரே இல்லையே” என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் எனக்குப் போன் வரும். டிக்கெட் என்னிடம் எடுத்ததாக இருக்காது; ஆனாலும் ஊர்க்காரன் என்று கூப்பிடுவார்கள். புது டிக்கெட் எடுத்துக் கொடுப்பதைத் தவிர என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்காது.

சட்டம் இந்த வித்தியாசத்தை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு அது. ஒரு பெண் பயணி ஜெர்மனியின் பிரேமனிலிருந்து பாரிஸ், சாவ் பாவ்லோ வழியாகப் பராகுவேயின் அசன்சியோனுக்கு ஒரே முன்பதிவில் போனார். பிரேமனிலிருந்து கிளம்பிய முதல் விமானம் சுமார் இரண்டரை மணி நேரம் தாமதம். பாரிஸில் அடுத்த விமானம் போய்விட்டது. அதனால் சாவ் பாவ்லோவிலும் தவறியது. கடைசியில் அசன்சியோனுக்கு 11 மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிமுறையின் கீழ் இழப்பீடு கேட்டார். 3 மணி நேரமும் அதற்கு மேலும் தாமதமானால்தான் இழப்பீடு. முதல் விமானத்தின் தாமதம் 3 மணி நேரத்தை எட்டவில்லையே என்பது எதிர்வாதம். 2013 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பார்க்க வேண்டியது கடைசி ஊரில் ஏற்பட்ட தாமதத்தைத்தான். ஃபோல்கெர்ட்ஸ் வழக்கு என்று அதற்குப் பெயர். தூரப் பயணங்களுக்கு அந்த விதிமுறையில் சொல்லப்பட்ட தொகை 600 யூரோ.

அதே பயணி அதே விமானங்களுக்குத் தனித்தனி டிக்கெட் வைத்திருந்தால்? முதல் டிக்கெட்டின் கடைசி ஊர் பாரிஸ். அங்கே தாமதம் இரண்டரை மணி நேரம்தான். இழப்பீடு இல்லை. மற்ற இரண்டும் அவர் தவறவிட்ட விமானங்கள், அவ்வளவே. “கடைசி ஊர்” எது என்பதை டிக்கெட்தான் தீர்மானிக்கிறது. பயணியின் மனதில் இருக்கும் ஊர் எந்தச் சட்டத்துக்கும் தெரியாது.

ஐரோப்பிய விதி எல்லாப் பயணத்துக்கும் பொருந்தாது. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கும், ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்தில் அங்கே போகிறவர்களுக்கும்தான். கடும் வானிலை போன்ற கட்டுப்படுத்த முடியாத காரணங்கள் என்றால் இழப்பீட்டுத் தொகை கிடைக்காது. ஆனால் மாற்று விமானத்தில் கொண்டு சேர்க்கும் கடமை அப்போதும் இருக்கும். இந்தியாவிலிருந்து வளைகுடா வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ அங்குள்ள நிறுவனங்களில் போகிறவர்களுக்கு இந்தத் தொகை கிடையாது. ஆனாலும் ஒரே டிக்கெட்டில் தவறிய கனெக்ஷனுக்கு அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பது நிறுவனங்களின் வழக்கமான நடைமுறை.

நுழைவு விசா பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியை நடுவழியில் எடுக்க வேண்டுமானால் அந்த நாட்டின் எல்லைக்குள் நுழைய வேண்டும். ஹாம்பர்க் பையனுக்கு ஜெர்மனி விசா இருக்கிறது, சிக்கல் இல்லை. நடுவில் வருவது விசா இல்லாத வேறு நாடு என்றால்? ஒரே டிக்கெட்டில் உள்ளேயே இருந்து மாறிவிடலாம். அதற்கும் சில நாடுகளில் டிரான்சிட் விசா கேட்பார்கள் என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு டிக்கெட் என்றால், சென்னை கவுன்ட்டரில் இருப்பவர் பார்ப்பது முதல் டிக்கெட்டை. அதில் கடைசி ஊராக இருக்கும் நாட்டுக்குள் நுழைய விசா இருக்கிறதா என்றுதான் கேட்பார். இல்லையென்றால் ஏற்றமாட்டார். அவர் மேல் குற்றமில்லை. விசா இல்லாதவரை ஏற்றிப் போனால் திரும்பக் கொண்டுவரும் செலவும் அபராதமும் நிறுவனத்தின் தலையில் விழும்.

சரி, தன் கையில் இருப்பது ஒரே டிக்கெட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதில் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ஒரே நேரத்தில் பணம் கட்டினோம், ஒரே மின்னஞ்சலில் வந்தது, ஒரே பக்கத்தில் இரண்டு விமானமும் இருக்கிறது, ஆகவே ஒரே டிக்கெட் என்று நினைக்கிறார்கள். சில இணைய விற்பனையாளர்கள் இரண்டு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டுகளைக் கோத்து ஒரே பயணம்போலக் காட்டுகிறார்கள். “நீங்களே மாறிக்கொள்ள வேண்டும்”, “பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும்” என்ற வரி எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும். விமானம் தவறினால் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் உத்தரவாதம் கொடுத்திருந்தால், அது அந்த விற்பனையாளர் கொடுத்தது. விமான நிறுவனத்தின் டெஸ்க்கில் அதைக் காட்டினால் அவர்களுக்குப் புரியாது.

ஆகவே டிக்கெட் எண்ணைப் பாருங்கள் என்பேன். பி.என்.ஆர். என்று வரும் ஆறெழுத்து அல்ல. அது முன்பதிவின் அடையாளம், ஒரே பி.என்.ஆருக்குள் இரண்டு டிக்கெட் இருக்க முடியும். டிக்கெட் எண் 13 இலக்கம். முதல் மூன்று இலக்கம் டிக்கெட் வழங்கிய நிறுவனத்தைச் சொல்லும். 098 என்றால் ஏர் இந்தியா, 176 என்றால் எமிரேட்ஸ், 220 என்றால் லுஃப்தான்சா. ஒரு பயணிக்குப் போகும் விமானம் இரண்டுக்கும் அந்த 13 இலக்கமும் ஒன்றாக இருந்தால் ஒரே டிக்கெட். விமானங்கள் வெவ்வேறு நிறுவனத்துடையவையாக இருந்தாலும் பரவாயில்லை. அவர்களுக்குள் இன்டர்லைன் ஒப்பந்தம் இருப்பதால்தான் ஒரே டிக்கெட்டில் வந்திருக்கிறது. ஒரு டிக்கெட்டில் நான்கு கூப்பன்தான் கொள்ளும். ஐந்தாவது விமானம் இருந்தால் அடுத்த எண் தொடர்ச்சியாக வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் முதல் மூன்று இலக்கமே வேறு என்றால், அது வேறு டிக்கெட்.

கிளம்பும் நாளில் இன்னொரு சோதனை இருக்கிறது. சென்னையில் பெட்டி கொடுத்ததும் டேக்கின் துண்டை போர்டிங் பாஸில் ஒட்டித் தருவார்கள். அதில் பெரிதாக மூன்றெழுத்து இருக்கும். ஹாம்பர்க் போகிறவருக்கு `HAM` என்று இருக்க வேண்டும். `FRA` என்று இருந்தால் கவுன்ட்டரை விட்டு நகராமல் கேளுங்கள். இந்தியாவுக்குத் திரும்பி வரும்போது மட்டும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி மதுரைக்கு மாறுகிறவர்கள், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும், முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும் என்று எண்ணியே நேரத்தைத் திட்டமிட வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பயண நாளைப் பற்றி. எனக்கு அதைவிடக் கவலை தருவது பயணத்துக்கு முந்தைய மாதங்கள். நிறுவனங்கள் கால அட்டவணையை அடிக்கடி மாற்றுகின்றன. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் பருவ அட்டவணை மாறும்போது இது சாதாரணம். காலை 8:00 மணி விமானம் 8:40 ஆகிவிடும். ஒரே டிக்கெட்டாக இருந்தால், இடைவெளி 35 நிமிடமாகச் சுருங்கி எம்.சி.டி.க்குக் கீழே போய்விட்டதை சிஸ்டமே கண்டுபிடிக்கும். என் திரையில் அந்த முன்பதிவு வந்து நிற்கும். பழைய விமானத்தின் எதிரே `UN` என்றும் புதிய நேரத்தின் எதிரே `TK` என்றும் குறி இருக்கும். நான் நிறுவனத்திடம் பேசி வேறு விமானம் வாங்கிவிடுவேன், செலவில்லாமல். இரண்டு டிக்கெட் என்றால் முதல் நிறுவனம் நேரம் மாறியதை ஒரு மின்னஞ்சலில் தெரிவிக்கும். 40 நிமிடம்தானே என்று பயணி அதைப் படித்ததோடு விட்டுவிடுவார். அவருடைய கனெக்ஷன் அன்றே அறுந்துவிட்டது என்பதை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் ஐரோப்பாவுக்குப் போகாதவர்களாக இருந்தாலும் இந்தச் சிக்கலில் மாட்டுவது சென்னையில்தான். மதுரை, தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு உள்நாட்டு விமானத்தில் போய், அங்கிருந்து வெளிநாட்டு விமானம் பிடிப்பார்கள். வெளிநாட்டு டிக்கெட்டை ஓரிடத்திலும் சென்னை வரைக்குமான டிக்கெட்டைப் போனிலும் எடுத்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் மழை பிடித்தால் வானத்திலேயே வட்டமடித்துக்கொண்டிருக்கும் விமானங்கள் உண்டு. இறங்கினாலும் உள்நாட்டு முனையத்தில் பெட்டியை எடுத்து, பன்னாட்டு முனையத்துக்கு நடந்து, வாசலில் பாஸ்போர்ட் காட்டி, கவுன்ட்டருக்குப் போக வேண்டும். வெளிநாட்டு விமானத்தின் கவுன்ட்டர் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடும். ஒரு கார்த்திகை மாத மாலையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, கைக்குழந்தையோடு, மூடிய கவுன்ட்டரின் முன்னால் நின்று போன் செய்தது. இரண்டரை மணி நேர இடைவெளி வைத்திருந்தார்கள். மழையால் உள்நாட்டு விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். அதில் குற்றம் சொல்ல எந்த நிறுவனமும் இல்லை. ஆனால் மூன்று பேருக்கும் மறுநாள் டிக்கெட் புதிதாக எடுக்க ஆன செலவை அந்தக் குடும்பம்தான் சுமந்தது. மதுரையிலிருந்தே ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் சில ஆயிரம் கூடுதலாக ஆகியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே டிக்கெட்டுக்கும் எல்லை உண்டு, அதை மறைக்க எனக்கு மனமில்லை. அடுத்த விமானம் மறுநாள்தான் என்றால் மறுநாள்தான் போவீர்கள். கல்யாண முகூர்த்தத்துக்கோ, தேர்வுக்கோ, கப்பலில் சேரவோ போகிறவருக்கு அந்த ஒரு நாள் பெரிது. அப்படிப்பட்டவர்களுக்கு எம்.சி.டி.யைத் தொட்டு நிற்கும் கனெக்ஷனை, சிஸ்டம் அனுமதித்தாலும், நான் தருவதில்லை. வயதான அம்மா தனியாகப் போகிறார் என்றால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் தேடுவேன், வீல்சேரும் சொல்லிவைப்பேன். கடைகளைச் சுற்றிப் பார்த்துக் கேட்டைத் தவறவிட்டவருக்கு எந்த டிக்கெட்டும் உதவாது. நிறுவனத்தின் பொறுப்பு, அவர்கள் விமானம் தாமதமானதால் தவறிய கனெக்ஷனுக்குத்தான்.

தனித்தனி டிக்கெட்டே கூடாது என்றும் நான் சொல்வதில்லை. சில ஊர்களுக்கு ஒரே டிக்கெட் கிடைக்காது. மலிவு விலை நிறுவனங்கள் பலவற்றுக்கு மற்றவர்களோடு ஒப்பந்தம் கிடையாது. சில சமயம் விலை வித்தியாசம் உண்மையிலேயே பெரிது. அப்போது நடு ஊரில் ஓர் இரவு தங்கும்படி எடுத்துத் தருவேன். விடுதிச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கச் சொல்வேன். கூட்டிய பிறகும் மலிவாக இருந்தால் தாராளமாகப் போகலாம். கைப்பை மட்டும் கொண்டு, அந்த நாட்டு விசாவும் இருந்து, அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போகிற இளைஞர்களுக்கு நாலைந்து மணி நேரம் போதும். அப்போதும் நடுவில் என்ன நடந்தாலும் செலவு அவர்களுடையது என்பதைச் சொல்லிவிட்டே கொடுப்பேன்.

அந்த அப்பா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, 14 ஆயிரம் கூடுதலாகக் கொடுத்து ஒரே டிக்கெட் எடுத்தார். அடுத்த முறை போனில் மலிவான ஜோடி ஒன்று கண்ணில் படும்போது, வாங்குவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: இரண்டு விமானத்துக்கும் டிக்கெட் எண் ஒன்றாக வருமா, பெட்டி கடைசி ஊர் வரை போகுமா, நடு நாட்டில் விசா தேவைப்பட்டால் அது உங்களிடம் இருக்கிறதா. மூன்றில் ஒன்றுக்கு “இல்லை” என்று பதில் வந்து, இடைவெளியும் சில மணி நேரம்தான் என்றால், அந்த டிக்கெட்டை எடுக்காதீர்கள்.